கொலுவுக்குப் பின்னால் இருந்த சுவர்

நான் முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். என் முட்டாள்தனத்திலாவது எனக்குப் பூரண உரிமை இருக்கட்டும்.

சாதாரண முட்டாளும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் தில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த முட்டாள். ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் அதில் எந்த இடத்தில் முத்திரை இல்லை, எந்தப் பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுவரைக் கொடுத்தால்தான் சிக்கல். சுவரில் பக்க எண் இருக்காதே.

ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்ல எனக்கு ஊரில் யாரும் இல்லை. மகள் தில்லியிலேயே பிறந்து, தில்லியிலேயே வேலைக்குப் போய், தமிழில் திட்டினால் மட்டும் புரிந்துகொள்கிறவள். ஆகவே வருங்கால வைப்பு நிதி மொத்தத்தையும் துடைத்துப் போட்டு ஒரு பழைய வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் இன்னொரு தடவை கிடையாது. இதை என் மனைவி ஒரு நாளைக்கு மூன்று வேளை சொன்னாள். மாத்திரை மாதிரி.

தரகர் ஒரு பஞ்சாபிக்காரர். "உங்க ஆளு ஒருத்தர் விக்கறார், மதராஸி. சுத்தமான ஃபேமிலி, சுத்தமான வீடு" என்றார் ஹிந்தியில். அது ஒரு கூட்டுறவு சொசைட்டியில் நான்கு தளக் கட்டடத்தின் தரைத்தள வீடு. வைத்திருப்பவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கம். பேசினேன். போனில் கேட்ட குரலிலேயே நெற்றி நிறையத் திருநீறு தெரிந்தது.

"நவராத்திரிதானே, தனியா வீடு பாக்கன்னு எதுக்கு வரணும்? ஆத்துக்காரியைக் கூட்டிண்டு கொலுவுக்கு வந்துடுங்கோ. வெத்திலை பாக்கும் வாங்கிண்டாப்ல இருக்கும், வீட்டையும் பாத்தாப்ல இருக்கும்."

இதைவிட மரியாதையான அழைப்பு உண்டா? போனோம்.

கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்து அவர் இழுக்க, வெளியே இருந்து நான் தள்ள, மேல் மூலை நிலையில் உரசிக்கொண்டு ஒரு முனகலோடு திறந்தது. "மழையில மரம் ஊறிப்போச்சு" என்றார். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "எங்க ஆபீஸ் கதவும் இப்படித்தான் சார், உள்ள போறவனை யோசிக்கச் சொல்லும்" என்று ஜோக் அடித்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது என் ஜோக்கின் தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்தின் முழுச் சுவரையும் அடைத்துக்கொண்டு கொலு. ஒன்பது படி. உச்சியில் கலசம், கீழே தசாவதாரம், கல்யாண செட், கடைசிப் படியில் செட்டியார் பொம்மை, காய்கறிக் கடை. படிகளுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரை ஒரு பட்டுப்புடவையை அகலமாக விரித்துக் கட்டியிருந்தார்கள். அரக்கு நிறம், மயில் பார்டர். என் மனைவி அந்தப் புடவையைத்தான் முதலில் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்கு மாமி" என்றாள். வீட்டுக்கார மாமி, அறுபதைத் தாண்டிய மெலிந்த பெண்மணி, "ம்" என்றார். அவ்வளவுதான். கொலுவைப் பாராட்டினால் அரை மணி நேரம் பொம்மை வாங்கிய கதை சொல்லாத மாமியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சுண்டல் வந்தது. கொண்டைக்கடலை. என் தொன்னையிலிருந்து ஒரு கடலை தவறி மொசைக் தரையில் விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. உருண்டது. நிதானமாக, யாரோ கூப்பிட்டதுபோல, கூடத்தைக் கடந்து கொலுப்படிக்கு அடியில் போய் மறைந்தது.

"பாத்தீங்களா, அம்பாளைத் தேடிப் போகுது! என்னைவிட அதுக்குப் பக்தி ஜாஸ்தி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமி மட்டும் அந்தக் கடலை போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். என்னைப் பாடச் சொல்கிறவர்கள் ஏதோ ஒன்றிலிருந்து கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு இவ்வளவு வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும். பாடினேன். இரண்டாவது வரியில் மேலே ஏறுகிற இடத்தில், படிகளுக்குப் பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி, சின்னது, சுத்தமானது. மாமியின் கையில் இருந்த குங்குமச் சிமிழ் அப்படியே நின்றது. அவர் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"என் சாரீரத்துக்குக் கண்ணாடி தாங்காது மாமி" என்றேன்.

இப்படியாக நான் வீட்டைப் பரிசோதித்து முடித்தேன். படுக்கையறை, சமையலறை, குளியலறைக் குழாய் எல்லாம் பார்த்தேன். குழாயைத் திறந்து மூடினேன். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. கூடத்துச் சுவரை மட்டும் பார்க்கவில்லை. கலசம் வைத்துப் பூஜை நடக்கிற கொலுவை நகர்த்தச் சொல்லி எந்தத் தமிழன் கேட்பான்? கேட்டிருந்தால் என் மனைவியே என்னை வெளியே தள்ளியிருப்பாள், அந்தக் கதவு திறந்திருந்தால்.

கிளம்பும்போது படிக்கட்டில் முதல் மாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "கட்டடம் எப்படி, பாய் சாப்?" என்று கேட்டேன்.

"லொகேஷன் பஹுத் அச்சா ஹை" என்றார். ரொம்ப நல்ல இடமாம்: மெட்ரோ பக்கத்தில், சந்தை பக்கத்தில், ஆஸ்பத்திரி பக்கத்தில். நான் கேட்டது கட்டடத்தைப் பற்றி. அவர் சொன்னது அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் பற்றி. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் காகிதங்களோடு வாழ்ந்தேன். முதல் ஒதுக்கீட்டுக் கடிதத்திலிருந்து கடைசி வீட்டு வரி ரசீது வரை முழுச் சங்கிலியையும் வரவழைத்துப் பார்த்தேன். சொசைட்டியின் பாக்கி இல்லாச் சான்றிதழில் ஒரு முத்திரை விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்துப் போட வைத்தேன். தரகர், "சார், உங்களை மாதிரி செக் பண்றவரை நான் பாத்ததே இல்லை" என்றார். உச்சி குளிர்ந்து, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பயானா என்று இங்கே சொல்கிற முன்பணத்தையும் கொடுத்தேன். அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தியை நானே இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். 'வாங்குபவர் மேற்படி வீட்டை நேரில் முழுமையாகப் பார்வையிட்டுத் திருப்தி அடைந்துள்ளார்.' அடைந்திருந்தேன். சுண்டல் பிரமாதம்.

தீபாவளி கழித்து நல்ல நாளில் பதிவு என்று ஏற்பாடு.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு என் மனைவி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"ஏங்க, அந்த வீட்டுல இன்னும் கொலு இருக்கு."

"இருக்கட்டுமே. அழகான கொலு."

"விஜயதசமி முடிஞ்சு எத்தனை நாளாச்சு? அன்னிக்கு ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வச்சு, மறுநாள் எடுத்துக் கட்டிடுவாங்க. தீபாவளி வரைக்கும் எங்கயாவது கொலு நிக்குமா?"

"மாமிக்கு உடம்பு முடியலையோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். 'நான் எடுத்துத் தரேன் மாமி'ன்னேன். 'வேண்டாம்மா, அவர் எடுக்கக் கூடாதுன்னுட்டார்'ங்கறாங்க. பொம்மை மேல எல்லாம் தூசி. பூ காஞ்சு கருகிக் கெடக்கு. கலசத்துத் தேங்காய் வாடை அடிக்குது. நமஸ்காரம் பண்ணக்கூட மனசு வரலைங்க."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அப்படி வராமல் போனது எனக்குப் புதிது. அந்தக் கடலை உருண்டு போனது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அது உருண்ட வேகம்.

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். வீட்டுக்கார சார் வங்கிக்குப் போயிருந்தார். கதவு முன்பைவிட இறுகியிருந்தது. நான் தோளால் மோதித் திறந்தேன். கூடத்தில் வாசனை மாறியிருந்தது. அழுகல் தேங்காய், பழைய சாமந்தி, அதற்கு அடியில் ஈர மண் மாதிரி ஒன்று. ஒன்பது படியும் அப்படியே நின்றன. எல்லாப் பொம்மையும் எங்களையே பார்த்தன. கொலு எப்போதும் பார்க்கும்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பார்வையில் விருந்தோம்பல் இல்லை.

மாமி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, சும்மா கேக்கறேன். ஏன் எடுக்கலை?"

மாமி கொலுவைப் பார்த்தார். பிறகு, "பொம்மையெல்லாம் தூங்க விடாம நிக்க வச்சிருக்கேன்" என்றார். "பாவம்."

"எடுத்துடலாமா?"

"என்னால முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன் அவர்கிட்ட." அவர் எழுந்தார். "நான் உள்ள போய் காபி போடறேன். அரை மணி ஆகும், பால் இப்பதான் வாங்கணும்." சமையலறை வாசலில் திரும்பினார். "பொம்மை சுத்தற பழைய வேஷ்டித் துணி அந்த டிரங்குப் பெட்டில இருக்கு."

போய்விட்டார். பால் வாங்க வெளியேயும் போகவில்லை. உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தமும் வரவில்லை.

என் மனைவி கலசத்தைக் கும்பிட்டு வடக்கே நகர்த்தினாள். பிறகு ஒவ்வொரு படியாக இறக்கினோம். நான் ராமரைச் சுற்றினேன், அவள் சீதையைச் சுற்றினாள். முதல் படி போனதும் புடவையின் மேல் பாதி அசைந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று சுவரிலிருந்து வந்தது. பலகைகளை எடுத்துச் சாய்த்து வைத்தபின் மயில் பார்டரை ஒரு ஓரமாகப் பிடித்து நான் விலக்கினேன்.

கூரை மூலையிலிருந்து தரை வரை, குறுக்காக, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக இறங்கிய விரிசல். மேலே என் விரல் நுழையும். கீழே ஒரு கோடு. அதன் குறுக்கே மூன்று இடத்தில், சாந்து வைத்து ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் பென்சிலில் தேதி. சுவர் நகர்கிறதா என்று பார்க்க எஞ்சினியர்கள் ஒட்டுவார்களாம். நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

மூன்றும் உடைந்திருந்தன. மூன்றாவது நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு ஒட்டியது.

"உங்க பாட்டு" என்றாள் என் மனைவி.

அந்த ஒரு தடவை அவள்தான் ஜோக் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை. படிகள் இருந்த இடத்தில், சுவரோரமாகத் தரை சற்றே குழிந்திருந்த இடத்தில், என் கொண்டைக்கடலை காய்ந்து கிடந்தது. தனியாக இல்லை. இரண்டு கோலி, ஒரு பேனா மூடி, ஒரு குங்குமச் சிமிழின் மூடி. அந்த வீட்டில் உருளக்கூடியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மாமி சமையலறை வாசலில் நின்றார். கையில் காபி இல்லை.

"இந்த மூலை கீழ உக்காந்துண்டே போறதாம். அடியில எங்கயோ குழாய் உடைஞ்சு மண் கரையறதாம். ஆடியிலேயே எஞ்சினியர் சொல்லிட்டார். சொசைட்டிலேந்து லெட்டர் வந்தது, இவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அஸ்திவாரத்தைத் தோண்டி எல்லாரும் சேர்ந்து ரிப்பேர் பண்ணணும். மேல இருக்கறவா மூணு பேரும் வாயையே திறக்க மாட்டேங்கறா. வெளிய தெரிஞ்சா அவா வீடும் விலை போகாதோன்னோ." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்க இந்தக் கூடத்துல படுக்கறதில்லை."

அப்போது கதவு முனகியது. சார் வந்துவிட்டார். வெறும் படிகளையும், ஒதுங்கிய புடவையையும், துணிக்குள் சுருண்டு கிடந்த ராமரையும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், ஏதோ ஒப்பந்தம் வாசிக்கப் போகிறவர் போல.

"நான் யார் கண்ணையும் கட்டலை சார். வந்தீர், பாத்தீர், சாப்பிட்டீர், பாடினீர். திருப்தின்னு எழுதிக் கையெழுத்தும் போட்டீர்."

"கொலு இருந்துதே சார்?"

"எடுக்கச் சொல்லிக் கேட்டீரா?"

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியவன், துணியில் சுருண்ட ராமரை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

வக்கீல் ஒரு பஞ்சாபிப் பெண்மணி, என் மகள் வயது. நீதிமன்ற வளாகத்தில், ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் மட்டும் கொள்ளும் அறை. எல்லாம் ஹிந்தியில்தான் நடந்தது. நான் கொலுவை விளக்கினேன்.

"படிக்கட்டு மேலே பொம்மை?"

"ஆமாம்."

"அதுக்குப் பின்னால சுவர்?"

"ஆமாம்."

"பொம்மையை நகர்த்தக் கூடாது?"

"ஒன்பது நாள் வரைக்கும் கூடாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கிள், விற்கிறவனுக்கு ஒரு கடமை. வீட்டில் பெரிய குறை இருந்து, அது அவனுக்குத் தெரிந்து, உங்களுக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், நீங்கள் கேட்காவிட்டாலும் அவனே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி. இது உங்கள் பக்கம். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு அவன் பொறுப்பில்லை. அதைப் பார்ப்பது உங்கள் வேலை. இது அவன் பக்கம். இப்போது சொல்லுங்கள், உங்கள் கண்ணுக்கு ஏதாவது தெரிந்ததா?"

கதவைச் சொன்னேன். கடலையைச் சொன்னேன். 'டிக்'கையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நான் அடித்த ஜோக்கையும், எதற்கு மறைக்க வேண்டும் என்று, சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் நீண்டநாள் மறக்க மாட்டேன். சிரிப்பு கொஞ்சம், பயம் கொஞ்சம்.

"எதிர்த் தரப்பு இதைக் கேட்டால் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடும். கதவு உரசுகிறது, தரை சாய்ந்திருக்கிறது, கவனமுள்ள ஒருவன் எஞ்சினியரைக் கூட்டிவந்திருப்பான் என்பார்கள். பண்டிகை முடிந்த பிறகாவது போய்ச் சுவரைப் பார்த்தீர்களா?"

"இல்லை. காகிதம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்ததா?"

"ஒரு முத்திரை விடுபட்டிருந்தது. போட வைத்தேன்."

அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "பதிவு இன்னும் ஆகவில்லை. அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். ஆகியிருந்தால் வீட்டை அவன் தலையில் திருப்பிக் கட்ட நீங்கள் வருடக்கணக்கில் இங்கே நடக்க வேண்டும். கட்டடம் அவ்வளவு நாள் காத்திருக்காது."

சொசைட்டிக்கு எழுதினார். செயலாளர் முதலில் கடிதமே இல்லை என்றார். பிறகு, நாளைக்கு ஏதாவது ஆனால் மறைத்ததற்குத் தன்னையும் இழுப்பார்கள் என்று வக்கீலிடமிருந்து எழுத்தில் வந்ததும், நகல் அனுப்பினார். ஆடி மாதத் தேதி. கீழே சாரின் கையெழுத்து, அழகாக, ரயில்வே கையெழுத்து. அவருக்குத் தெரியும் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாம். இருந்தாலும் ஏழாவது பத்தி இருந்தது. கேட்காத கேள்வியும் இருந்தது. இதில் ஜெயிப்போமா என்று கேட்டதற்கு வக்கீல் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். டாக்டர்கள் சொல்கிற பார்க்கலாம்.

அந்த நாட்களில் நான் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சுவரைப் பார்த்தேன். அலுவலகத்துச் சுவர், டாக்டர் வீட்டுச் சுவர், ஹோட்டல் சுவர். ஒருநாள் மேசையில் எலுமிச்சம்பழம் உருண்டதற்கு நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மகள்தான் உருட்டியிருந்தாள்.

நோட்டீஸ் கிடைத்ததும் சாரும் தரகரும் வக்கீல் அறைக்கு வந்தார்கள். சார் தன் வாதத்தை நிதானமாகச் சொன்னார். பார்வையிட அனுமதித்தேன், எதையும் பூட்டி வைக்கவில்லை, வாங்குகிறவர் படித்தவர், அரசு அதிகாரி. எல்லாம் நிஜம்தான். எனக்கே நான் தோற்பது போலிருந்தது.

வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்கிள், தசராவுக்கு அப்புறம் இந்தப் பொம்மையை எத்தனை நாள் வைப்பீங்க?"

சார் தரகரைப் பார்த்தார். தரகருக்கு என்ன தெரியும்? என்னைப் பார்த்தார். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவரும். அவர் என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் உதவி செய்யவில்லை.

"மறுநாள் எடுத்துடுவோம்" என்றார் கடைசியில்.

"இந்த வருஷம்?"

சார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போடாமல் திருப்பி வைத்தார்.

"பண்டிகை இருந்தவரைக்கும் நீங்க சும்மா இருந்தீங்கன்னு சொல்லலாம்" என்றார் வக்கீல். "அதுக்கு அப்புறம் நின்ன ஒவ்வொரு நாளும் சும்மா இருந்தது இல்லை. மறைச்சது. வேணும்னா ஜட்ஜ்கிட்டச் சொல்லிப் பாருங்க. நான் பொம்மை எல்லாத்தையும் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுவேன்."

ஒப்பந்தத்தை ரத்து செய்து எழுதினார்கள். பயானா திரும்பியது. சார் அதே அழகான ரயில்வே கையெழுத்தைப் போட்டார். வெளியே வந்து, எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்று, "நல்லவேளை சார், நான் பதிவுக்கு அப்புறம் பாடியிருந்தா மொத்த சுவரும் போயிருக்கும்" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்துவிட்டு நடந்தார்.

நாங்கள் வேறு ஒரு வீடு வாங்கினோம். சின்னது, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கும் முன்பு ஒரு எஞ்சினியரை அழைத்துப்போய், வீட்டுக்காரர் வெறுத்துப்போகும் வரை எல்லாச் சுவரையும் தட்டினேன். அலமாரியை நகர்த்தினேன். காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். சாமி படத்தையும் தூக்கினேன். பின்னால் ஒரு பல்லி. மன்னிப்புக் கேட்டு மாட்டினேன்.

அடுத்த புரட்டாசியில், முனிர்கா பகுதியில் நம் ஊர்க் காய்கறி விற்கிற கடையில் சாரைப் பார்த்தேன். வாழை இலை, வெற்றிலை, இரண்டு தேங்காய், ஒரு கிலோ கொண்டைக்கடலை. முகம் சுருங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டதும் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"மாமி சௌக்கியமா சார்?"

"இருக்கா."

"கொலு உண்டா?"

"உண்டு."

கடைக்காரர் கடலையை எடை போட்டார். தட்டின் ஓரத்திலிருந்து ஒன்று நழுவி விழுந்தது. நாங்கள் இருவருமே அது போகும் வழியைப் பார்த்தோம். கடைத் தரை சமதளம். விழுந்த இடத்திலேயே நின்றது.

"யாராவது வீடு பாக்க வராங்களா சார்?"

"ஞாயித்துக்கிழமை ஒரு தம்பதி வரா. வயசு சின்னது. குழந்தை இருக்கு." தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "நம்மவாதான்."

என் வாயில் நூறு ஜோக் வந்து நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"அவங்ககிட்ட அந்தச் சுவரைப் பத்திச் சொல்லிடுவீங்கதானே சார்?"

அவர் வெற்றிலைக் கட்டைப் பையில் மேலாக, நசுங்காமல், பத்திரமாக வைத்தார்.

"கேட்டா சொல்றேன்."